துக்ளக் அவர் பெயர் இல்லை, அப்பா பெயர்: அரபுப் பெயர்களைப் படிவத்தில் சரியாகப் படிப்பது எப்படி?

முகமது பின் துக்ளக். பள்ளிப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். சோவின் நாடகம், 1971-ல் வந்த படம் என்று தமிழ்நாட்டுக்கு இந்த டெல்லி சுல்தான் ரொம்பவே பழக்கம். யாராவது கோமாளித்தனமாக ஓர் உத்தரவு போட்டால் "துக்ளக் தர்பார்" என்கிறோம்.

ஆனால் துக்ளக் என்பது அவருடைய பெயர் இல்லை. அவருடைய அப்பாவின் பெயர். 'பின்' என்றால் அரபியில் 'மகன்'. 'முகமது பின் துக்ளக்' என்றால் 'துக்ளக்கின் மகன் முகமது'. டெல்லியின் தெற்கு ஓரத்தில் துக்ளகாபாத் கோட்டையைக் கட்டிய கியாசுதீன் துக்ளக்தான் அந்த அப்பா. 1325 முதல் 1351 வரை ஆண்ட மகனை, தலைநகரை மாற்றியதற்காக நாம் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறோம்.

பிற்கால வரலாற்று நூல்கள் துக்ளக்கை வம்சத்தின் பெயராக்கிவிட்டன. அடுத்து வந்த சுல்தானையும் 'பிரோஸ் ஷா துக்ளக்' என்கிறோம். அவர் முகமதுவின் மகன் இல்லை. கியாசுதீனின் தம்பி ரஜபின் மகன். அதாவது, 'பின்' போட்டு எழுதினால் அவர் 'பிரோஸ் பின் ரஜப்'. இரண்டு பேருக்கும் கடைசியில் 'துக்ளக்' என்று இருப்பதை மட்டும் பார்த்து "ஒரே அப்பாவா?" என்று கேட்டால் தப்பாகிவிடும்.

இது சரித்திரப் பாடத்தோடு முடிகிற விஷயம் இல்லை. நீங்கள் டெல்லியில் மருத்துவமனை, விசா மையம், விமான நிறுவனம், ஹோட்டல், வங்கி, பல்கலைக்கழகம் என்று எங்கே வேலை பார்த்தாலும் ஈராக், ஏமன், ஓமன், எகிப்து பாஸ்போர்ட்டுகள் உங்கள் மேஜைக்கு வரும். சிகிச்சைக்கு வருகிறவர்கள் அவ்வளவு பேர். ஜசோலா, சரிதா விஹார் பக்கம் மருந்துக்கடைப் பலகைகளிலேயே அரபி எழுத்தைப் பார்க்கலாம். உங்கள் முன்னால் இருக்கும் திரையிலோ 'முதல் பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டே கட்டங்கள். எந்தச் சொல்லை எங்கே போடுவது?

நம் இனிஷியலைத் திருப்பிப் போட்டால் அரபுப் பெயர்

இதைப் புரிந்துகொள்வது தமிழர்களுக்குச் சுலபம். நமக்கும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர்தான். அதை முன்னால் சுருக்கி இனிஷியலாக வைக்கிறோம். அரபு வழக்கத்தில் அதையே சுருக்காமல் பின்னால் வைக்கிறார்கள். முதலில் சொந்தப் பெயர், அடுத்து அப்பா, அடுத்து தாத்தா.

ஏ.பி.ஜே. அப்துல் கலாமை எடுத்துக்கொள்ளுங்கள். ஆவுல் என்பது கொள்ளுத்தாத்தா, பக்கீர் தாத்தா, ஜைனுலாப்தீன் அப்பா. கடைசியில்தான் சொந்தப் பெயரான அப்துல் கலாம். இதையே அரபு முறையில் எழுதினால் 'அப்துல் கலாம் பின் ஜைனுலாப்தீன் பின் பக்கீர் பின் ஆவுல்' என்று ஆகும். அதே நான்கு தலைமுறை, வரிசை மட்டும் தலைகீழ். ராமேஸ்வரத்து இனிஷியலும் அரபு 'பின்'னும் செய்வது ஒரே வேலைதான்.

'இப்னு' என்பதும் இதே சொல்தான். இரண்டு பெயர்களுக்கு நடுவே வரும்போது 'பின்' என்று குறுகும், தொடக்கத்தில் வந்தால் 'இப்னு' என்று நிற்கும். மொராக்கோ, துனிசியா பக்கம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் 'பென்' ஆகிவிடும். பெண்களுக்கு 'பின்த்', மலேசியாவில் 'பிந்தி'. அதே மலேசியாவில் தமிழர்களின் அடையாள அட்டையில் a/l, a/p என்று பார்த்திருப்பீர்கள். அதுவும் 'மகன்', 'மகள்' என்பதற்கான மலாய்ச் சொற்களின் சுருக்கம்தான்.

இன்றைய பாஸ்போர்ட்டுகளில் இந்த 'பின்' எல்லா நாட்டிலும் இருக்காது. சில வளைகுடா நாடுகளில் எழுதுகிறார்கள். எகிப்திலும் ஈராக்கிலும் அதை விட்டுவிட்டு மூன்று, நான்கு பெயர்களை வெறுமனே அடுக்குகிறார்கள். பார்ப்பதற்கு முதல் பெயர், நடுப் பெயர், குடும்பப் பெயர் போலவே இருக்கும். இங்கேதான் ஏமாந்துவிடுவோம். சதாம் உசேனில் 'உசேன்' குடும்பப் பெயர் இல்லை, அவருடைய அப்பா பெயர். "மிஸ்டர் உசேன்" என்று அவரை அழைத்தால் அப்பாவை அழைத்த மாதிரி. உங்கள் அலுவலகத்தில் வட இந்திய மேலாளர் உங்களை "மிஸ்டர் சுப்பிரமணியன்" என்று கூப்பிட, "அது எங்கப்பா சார்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பீர்களே, அதே கதைதான்.

'அபு' வந்தால் திசை மாறும்

'பின்' என்பதற்குப் பின்னால் வருவது அப்பா. 'அபு' என்பதற்குப் பின்னால் வருவது பிள்ளை. 'அபு' என்றால் 'தந்தை'. 'அபு காலித்' என்றால் காலிதின் அப்பா. பெண்களுக்கு 'உம்மு', அதாவது தாய். நம் ஊரில் பிள்ளை பெயரைச் சொல்லி "முருகன் அப்பா வந்திருக்கார்" என்கிறோமே, அதை மரியாதைப் பட்டமாகவே ஆக்கிக்கொண்ட வழக்கம் இது.

இரண்டும் ஒரே பெயரில் வந்தால் என்னாகும்? இதற்கும் டெல்லியிலேயே ஓர் ஆள் இருக்கிறார். முகமது பின் துக்ளக்கின் அவையில் நீதிபதியாக இருந்த மொராக்கோ பயணி இப்னு பதூதா. அவருடைய பெயர் நூல்களில் இப்படி வரும்: அபு அப்துல்லா முகமது பின் அப்துல்லா... அல்-தன்ஜி.

பொறுமையாகப் பிரித்துப் பாருங்கள். சொந்தப் பெயர் முகமது. 'பின் அப்துல்லா': அப்பா பெயர் அப்துல்லா. 'அபு அப்துல்லா': இவர் ஓர் அப்துல்லாவின் தந்தை. அப்பாவும் அப்துல்லா, பிள்ளையும் அப்துல்லாவா? இது எழுத்துப்பிழை இல்லை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது அங்கேயும் பழைய வழக்கம். நமக்கு 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதான். ஆனால் பிள்ளை பிறக்கும் முன்பே, பிள்ளையே இல்லாதபோதும்கூட, 'அபு' பட்டம் வைத்துக்கொள்வது உண்டு. அதனால் அதை மட்டும் வைத்து "இவருக்கு இந்தப் பெயரில் மகன் இருக்கிறார்" என்று முடிவு கட்டக்கூடாது.

கடைசியில் வரும் 'தன்ஜி' என்றால் தஞ்சாவூர்க்காரர் என்பதுபோல 'தாஞ்சியர்க்காரர்'. அது ஊர்ப்பெயர். அப்படியென்றால் 'பதூதா' யார்? அவருடைய அப்பா இல்லை. அது அவர்களுடைய குடும்பத்துக்கு வழங்கிய பெயர். 'பின்' நடுவில் வந்தால் பெரும்பாலும் அப்பா. 'இப்னு' தொடக்கத்திலேயே நின்று, ஒருவரை முழுக்க அந்தப் பெயராலேயே அழைத்தால், அது எப்போதோ வாழ்ந்த மூதாதையாகவோ குடும்பப் பெயராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். இப்னு கல்தூன், இப்னு சீனா எல்லாம் இந்த ரகம்.

'அபு' உருமாறவும் செய்யும். நாம் 'மரம்' என்பதை 'மரத்தின்' என்று வேற்றுமைக்கு ஏற்ப மாற்றுவதுபோல, 'இப்னு' என்பதற்கு அடுத்து வந்தால் 'அபு' என்பது 'அபீ' ஆகும். அலி இப்னு அபீ தாலிபின் தந்தைதான் அபு தாலிப். ஓர் ஆவணத்தில் Abu, இன்னொன்றில் Abi என்று இருந்தால், உடனே வேறு ஆள் என்று முத்திரை குத்திவிடாதீர்கள்.

ஒரு எழுத்து வித்தியாசத்தில் இரண்டு டெல்லிக்காரர்கள்

டெல்லியில் மௌலானா ஆசாத் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. 2015-ல் ஔரங்கசீப் சாலைக்கு அப்துல் கலாம் பெயரை வைத்தார்கள். முதலாமவர் அபுல் கலாம். இரண்டாமவர் அப்துல் கலாம். தமிழ்ப் படிவங்களில் இந்த இரண்டையும் மாற்றி எழுதுவதைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

'அபுல்' என்பது 'அபு' + 'அல்'. 'கலாம்' என்றால் பேச்சு. ஆக, அபுல் கலாம் என்றால் பேச்சின் தந்தை. மௌலானாவுக்கு 'கலாம்' என்று பிள்ளை எதுவும் கிடையாது. 'அபு' இப்படிச் சிறப்புப் பட்டமாகவும் வரும். நாவன்மை மிக்கவர் என்பதைச் சொல்லும் பெயர் அது. 'அப்துல்' என்பது 'அப்து' + 'அல்'. 'அப்து' என்றால் அடியார். பெரும்பாலும் இறைவனின் பெயர்களில் ஒன்று அடுத்து வரும்: ரஹ்மான், காதர், அஜீஸ்.

'அப்துல்' மட்டும் தனியாக நின்றால் அது '...உடைய அடியார்' என்று பாதியில் தொங்கும். நண்பர்கள் செல்லமாக "அப்துல்" என்று கூப்பிடுவது அவர்கள் பாடு. படிவத்தில் முதல் பெயர் 'அப்துல்', நடுப் பெயர் 'ரஹ்மான்' என்று வெட்டினால், ஒரே பெயரை இரண்டாக உடைக்கிறீர்கள். 'பின்', 'அபு', 'அப்து', 'அல்' நான்கையும் அடுத்த சொல்லோடு ஒட்டிய வால் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கட்டம் மாறும்போது அந்தச் சொல்லோடு சேர்ந்தே போக வேண்டும்.

மௌலானாவின் முழுப் பெயர் இப்படி வரும்: அபுல் கலாம் குலாம் முஹியுத்தீன் அகமது பின் கைருத்தீன் அல்-ஹுசைனி ஆசாத். இப்போது நீங்களே படித்துவிடலாம். முதலில் பட்டம், பிறகு சொந்தப் பெயர், 'பின்' என்பதற்குப் பின்னால் அப்பா கைருத்தீன், பிறகு வழிமரபு. கடைசியில் நிற்கும் ஆசாத்? அது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர், 'விடுதலை பெற்றவர்' என்று பொருள். இந்தியாவின் முதல் கல்வி அமைச்சரின் 'குடும்பப் பெயர்' கட்டத்தில் நாம் எல்லோரும் மனதுக்குள் நிரப்பி வைத்திருப்பது ஒரு புனைபெயரை.

எல்லா 'அபு'வும் பட்டமும் இல்லை. அபூபக்கர் என்று பிறந்தபோதே பெயர் வைத்த பிள்ளைகள் தமிழ்நாட்டிலேயே நிறைய உண்டு. உம்மு சல்மாவும் அப்படித்தான். பாஸ்போர்ட்டில் அதுதான் பெயர் என்றால் அதுதான் பெயர்.

ஒரே குடும்பம், ஆனால் கடைசிப் பெயர் வேறு

இப்போது நிஜமான சிக்கலுக்கு வருவோம். டெல்லி மருத்துவமனை ஒன்றில் சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு ஒரு குடும்பம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை.

நோயாளி ALI HASAN JABBAR. தானம் தர வந்திருக்கும் மகன் HAIDAR ALI HASAN. கூட வந்த தம்பி SALIM HASAN JABBAR. மனைவி ZAINAB MAJID ABBAS.

பதிவு மேஜையில் கடைசிச் சொல்லை மட்டும் பார்த்தால் என்ன தோன்றும்? ஜப்பாரும் ஜப்பாரும் அப்பா, மகன். ஹசன் யாரோ வெளியாள். அப்பாஸ் வேறு குடும்பம். எல்லாமே தப்பு. 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்தில் நெருங்கிய உறவினர் தருவதும் வெளியாள் தருவதும் ஒன்றல்ல. வெளிநாட்டவர் என்றால் உறவுமுறைக்கு அவர்கள் நாட்டுத் தூதரகத்தின் சான்றும் வேண்டும். பதிவில் மகனை 'உறவினர் அல்ல' என்று தட்டிவிட்டால், அதைத் திருத்தும் வரை கோப்பு நகராது. டயாலிசிஸில் இருப்பவருக்கு அந்த நாட்கள் சாதாரணம் இல்லை.

சரியாகப் படிப்பது இப்படி. அப்பாவின் முதல் இரண்டு சொற்கள் ALI HASAN. அவை மகனின் பெயரில் ஓர் இடம் தள்ளி, இரண்டாவது மூன்றாவது சொற்களாக வந்திருக்கின்றன: HAIDAR ALI HASAN. ஒரு தலைமுறைக்கு ஒரு படி தள்ளும். உடன்பிறந்தவர்கள் என்றால் முதல் சொல் மட்டும் வேறு, மீதி இரண்டும் அப்படியே: ALI HASAN JABBAR, SALIM HASAN JABBAR. மனைவியின் பெயரில் கணவரின் பெயர் வரவே வராது. கல்யாணத்துக்குப் பிறகும் அவர் மஜீதின் மகள்தான். அரபு நாடுகளில் பொதுவாகப் பெண்கள் பெயரை மாற்றுவதில்லை. 'கணவர் பெயரோடு பொருந்தவில்லை' என்று அவரை நிறுத்தி வைக்க ஒரு காரணமும் இல்லை.

அலியும் ஹசனும் ஊருக்கு நூறு பேருக்கு இருக்கும் பெயர்கள். அதனால் படி தள்ளிப் பொருந்துவது உறவுக்குச் சாட்சி ஆகாது. கேள்வியை எங்கே கேட்க வேண்டும் என்பதைத்தான் அது காட்டும். முடிவைச் சொல்ல வேண்டியது பிறப்பு ஆவணமும் தூதரகச் சான்றும். எதிர்ப்பக்கமும் இதேதான். கடைசியில் 'அல்-திக்ரிதி' போல ஊரையோ குலத்தையோ குறிக்கும் பெயர் இரண்டு பேருக்கு இருந்தால், அவர்கள் ஒரே வீடு என்று அர்த்தம் இல்லை. நம்மூரில் இரண்டு 'மதுரைக்காரர்கள்' சந்தித்த கதைதான்.

சந்தேகம் வந்தால் கீழே இருக்கும் வரியைப் பாருங்கள்

பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரி இருக்கும், ஒவ்வொன்றும் 44 எழுத்து. இயந்திரம் படிப்பதற்காகப் போட்டது. முதல் வரியில்தான் பெயர் இருக்கும். கற்பனை நாட்டுக்கான மாதிரிக் குறி UTO. அதை வைத்து நம் நோயாளியின் பெயரை எழுதிப் பார்ப்போம்:

```
P<UTOJABBAR<<ALI<HASAN<<<<<<<<<<<<<<<<<<<<<<
```

நாட்டுக் குறிக்கு அடுத்து வருவது குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும் பகுதி. இரட்டை `<<` வந்தால் அந்தப் பகுதி முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பின்னால் வருவது முதல் பெயர். ஒற்றை `<` வெறும் இடைவெளி. இந்தப் பாஸ்போர்ட்டைக் கொடுத்த நாடு தாத்தா பெயரைக் குடும்பப் பெயராக வைத்திருக்கிறது. சில நாடுகள் பிரிக்கவே பிரிக்காது:

```
P<UTOALI<HASAN<JABBAR<<<<<<<<<<<<<<<<<<<<<<<
```

இங்கே பெயருக்குள் இரட்டைக் குறியே இல்லை. முழுப் பெயரும் ஒரே கட்டம், இரண்டாவது கட்டம் காலி. உங்கள் மென்பொருள் "முதல் பெயர் கட்டாயம்" என்று அடம்பிடித்தால், நீங்களாக ஒரு சொல்லை வெட்டி நிரப்பாதீர்கள். உங்கள் நிறுவனத்தின் விதி என்ன என்று கேளுங்கள். அமெரிக்க விசாவில் இப்படிப்பட்ட இடத்தில் FNU என்று அச்சடிக்கிறார்கள், முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். குடும்பப் பெயர் இல்லாத பாஸ்போர்ட்டோடு அமெரிக்கா போன தமிழர்கள் பலரை இந்த FNU விடாமல் துரத்தியிருக்கிறது. 2022 நவம்பரில் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் கட்டுப்பாடு விதித்தபோதும் நம் ஆட்கள்தான் அதிகம் பதறினார்கள். கடைசியில் பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கிறோம் என்று விளக்கம் வந்தது. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக ஏற்றுக்கொண்டது ஓர் அரபு நாடு என்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இன்னொன்று, இந்த வரியில் பெயருக்கு 39 இடம்தான். நான்கு தலைமுறைப் பெயர் நுழையாது, வாலை வெட்டிவிடுவார்கள். சிறுகோடும் இங்கே வராது. மேலே AL-TIKRITI என்று இருப்பது கீழே AL<TIKRITI என்று நிற்கும். இரண்டும் ஒன்றேதான்.

எழுத்துக்கூட்டலைத் திருத்தும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். கலாமின் அப்பா ஜைனுலாப்தீன். துனிசியாவின் முன்னாள் அதிபர் Zine El Abidine Ben Ali. இரண்டு பேருக்கும் ஒரே அரபுப் பெயர்தான், ஒன்று தமிழ்க் காதில் விழுந்து வந்தது, மற்றது பிரெஞ்சு எழுத்தில் வந்தது. Abdul Rahman, Abdulrahman, Abd Al Rahman மூன்றும் அப்படியே. உங்கள் கணினிக்கு இவை மூன்று ஆட்கள். அதனால் பழைய பதிவைத் தேடும்போது பெயரை வைத்துத் தேடாமல் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி வைத்துத் தேடுங்கள். புதுப் பாஸ்போர்ட் எடுத்திருந்தால் எண்ணும் மாறியிருக்கும், பழைய எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு 'அல்'

2025 பிப்ரவரியில் டெல்லி வந்த கத்தார் அமீரின் பெயர் தமீம் பின் ஹமத் அல் தானி. தமீம் அவர், ஹமத் அப்பா. அந்த 'அல்' என்ன? ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டு வேறு சொற்கள் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன. 'அல்-திக்ரிதி'யில் வருவது வெறும் சுட்டுச்சொல். 'ஆல் தானி', 'ஆல் சவூத்' என்பதில் நெட்டெழுத்து, 'தானி வீட்டார்', 'சவூத் வீட்டார்' என்று பொருள். இவை நிஜமாகவே குடும்பப் பெயர்கள். இந்தப் பெயர்களுக்குத்தான் அந்த இரண்டாவது கட்டம் சிரமமில்லாமல் பொருந்தும்.

சரி, எதிரில் உட்கார்ந்திருப்பவரை எப்படிக் கூப்பிடுவது? ALI HASAN JABBAR என்றால் "மிஸ்டர் அலி". அரபு வழக்கிலும் மரியாதைச் சொல்லோடு சொந்தப் பெயரைத்தான் சேர்ப்பார்கள். தமிழிலும் "திரு. முருகன்" என்றுதானே சொல்கிறோம். படிவத்தில் 'தந்தை பெயர்' கட்டம் வரும்போது இரண்டாவது சொல்லை நீங்களே ஊகித்து எழுத வேண்டாம். "உங்கள் அப்பா பெயர் என்ன, தாத்தா பெயர் என்ன?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டுவிடுங்கள். அந்த இரண்டு பதில்களையும் பாஸ்போர்ட் பெயருக்குப் பக்கத்தில் வைத்தால், எந்தச் சொல் யார் என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.